ஃப்ரீ வீக்கெண்டுக்காக 58 ஜிபி இறக்குவதா, வாங்கிப் பார்த்துவிட்டு ரிஃபண்ட் போடுவதா?

கொட்டகலை_கவின் | செவ்வாய், இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கேம் வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கேமின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த கேம் நல்லதா கெட்டதா என்று போய்விடும்.

ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் நின்று ஒன்லைனில் ஆடும் சுடும் கேம் அது. ஸ்டீமில் 30 டொலர். டொலர் 300 ரூபாய் பக்கம் என்று வைத்தால் 9,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஏறத்தாழ அம்மாவின் ஒரு வாரக் கொழுந்துச் சம்பளம். பிடிக்காவிட்டால் போகட்டும் என்று விடக்கூடிய சல்லி இல்லை. டெமோ கிடையாது. ஆனால் இந்த வியாழக்கிழமை தொடங்கி ஃப்ரீ வீக்கெண்ட் என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிக்கல் டேட்டாதான். லயத்தில் 4ஜி ரவுட்டர். பகலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 3, 4 காட்டும். நடுச்சாமத்துக்குப் பிறகு 8 வரை போகும். பெக்கேஜில் பகலுக்கு 40 ஜிபி, இரவு 12 மணியிலிருந்து காலை 7 வரைக்கும் 75 ஜிபி. பகல் டேட்டாவில் கை வைக்க முடியாது, தங்கச்சிக்கு ஏ.எல். ஸூம் வகுப்புகள் இருக்கின்றன. கேம் 58 ஜிபி. இந்த மாத இரவு டேட்டாவை இன்னும் தொடவில்லை.

வீக்கெண்ட் முடிவதற்குள் இறக்கி, ஆடிப் பார்த்து, முடிவெடுக்க நேரம் இருக்குமா? இல்லை வேறு வழி இருக்கிறதா?

பதுளை_பாலா | செவ்வாய், இரவு 8.32

மச்சான், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? வாங்கு, ஆடிப் பார், பிடிக்கவில்லை என்றால் ரிஃபண்ட் போடு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் திருப்பித் தருவார்கள். நான் நிறையத் தடவை வாங்கியிருக்கிறேன். ஃப்ரீ வீக்கெண்டில் நேரம் உன்னைத் துரத்தும், ரிஃபண்டில் அந்த அவசரமே இல்லை. ஆறுதலாக ஒரு வாரம் எடுத்து இரவில் இறக்கலாம். டவுன்லோட் ஆகும் நேரம் அந்த 2 மணித்தியாலத்தில் சேராது.

மஸ்கெலியா_விஜி | செவ்வாய், இரவு 8.50

தம்பி, ஃப்ரீ என்றால் உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இறக்க வேண்டிய அவசியமே இல்லை. லைப்ரரியில் சேர்த்துவிட்டால் போதும், அது என்றைக்கும் உங்களுடையதுதான். நான் எபிக்கில் வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு மாறும் இலவச கேம்களை அப்படித்தான் எடுத்து வைக்கிறேன். மகன் லீவில் வரும்போது ஒவ்வொன்றாக இறக்கி ஆடுவான்.

கொட்டகலை_கவின் | செவ்வாய், இரவு 9.05

விஜி அக்கா, எபிக்கில் கொடுப்பது நிரந்தரமாக. இது அந்த மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். வீக்கெண்ட் முடிந்தால் பூட்டிவிடுவார்கள் இல்லையா?

நானுஓயா_சுதா | செவ்வாய், இரவு 9.40

கவின் சொல்வது சரி. விஜி அக்கா எடுத்து வைப்பது உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். ஃப்ரீ வீக்கெண்ட் என்பது முழு கேமையும் சில நாளுக்குத் திறந்துவிட்டு மறுபடி பூட்டுவது. ஸ்டீமில் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரை நேரம் வியாழன் காலை 10 மணிக்குத் திறந்து திங்கள் காலை 10 மணிக்குப் பூட்டுவார்கள். இந்த மாதங்களில் நமக்கு அது வியாழன் இரவு 10.30, திங்கள் இரவு 10.30. அமெரிக்காவில் குளிர்கால நேரத்துக்கு மாறிய பிறகு 11.30 ஆகிவிடும். கேமின் கடைப் பக்கத்தில் எப்போது முடிகிறது என்று போட்டிருப்பார்கள், அதையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி.

இப்போது கணக்கு. ஸ்பீட் டெஸ்டில் காட்டும் 8 என்பது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் ஒரு செக்கனுக்கு 1 எம்பிதான் இறங்கும். மணித்தியாலத்துக்கு 3.6 ஜிபி, இரவு 12 முதல் 7 வரை ஏழு மணித்தியாலத்தில் 25 ஜிபி. வியாழன் இரவு தொடங்கினால் வெள்ளி காலை 25, சனி காலை 50. மிச்சம் 8 ஜிபி ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி போல் முடியும். ஆடக் கிடைப்பது ஞாயிறும் திங்களும் மட்டும். இதுவும் மழையில்லாமல், கரன்ட் போகாமல், வேகம் 8 இலேயே நின்றால்தான். வேகம் 5 ஆகிவிட்டால் இரவுக்கு 16 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது திங்கள் அதிகாலை ஐந்து மணி போல்தான் முடியும். இரவு டேட்டா 75 இல் 58 போனபின் ஆடக் கிடைப்பது திங்கள் ஒரு நாள்தான், அன்றிரவே கேம் பூட்டப்பட்டுவிடும்.

இன்னொன்று. கடைப் பக்கத்தில் போடும் 58 ஜிபி என்பது டிஸ்கில் வேண்டிய இடம். இறங்கும் ஃபைல் சுருக்கப்பட்டிருப்பதால் அநேகமாக அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் நீ 58 என்றே வைத்துக் கணக்குப் போடு. குறைந்தால் லாபம்.

பாலா சொன்ன ரிஃபண்ட் விதி சரிதான். ஆனால் அது எந்தச் செலவும் இல்லாத வழி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

ஹப்புத்தளை_நிரோ | செவ்வாய், இரவு 10.15

கேள்வி ஒன்லைன் கேம் பற்றியது என்று தெரியும். ஆனாலும் என் கதையைச் சொல்ல வேண்டும், டெமோவை நம்பி எனக்குச் சல்லி போயிருக்கிறது. நகரம் கட்டும் கேம் ஒன்று. டெமோவில் என் லெப்டொப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. முழு கேமை வாங்கினேன். நகரத்தில் சனத்தொகை கூடக்கூட திணற ஆரம்பித்தது. பெரிய நகரமானதும் மவுஸை அசைத்தால் ஒரு நொடி கழித்துத்தான் அசைகிறது. டெமோ என்பது ஆரம்பத்தை மட்டும் காட்டி ஏமாற்றும் வேலை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பதுளை_பாலா | செவ்வாய், இரவு 10.22

நிரோ, அதற்குத்தான் சொல்கிறேன் ரிஃபண்ட் என்று.

ஹப்புத்தளை_நிரோ | செவ்வாய், இரவு 10.24

அந்த நகரம் பெரிதாகும்போது இரண்டு மணித்தியாலம் எப்போதோ தாண்டிவிட்டது அண்ணே.

நானுஓயா_சுதா | புதன், காலை 6.20

பாலா, ரிஃபண்ட் கணக்கைப் பார்ப்போம். இலங்கையில் ஸ்டீம் விலை டொலரில்தான் வருகிறது, ரூபாயில் இல்லை. நம் கார்டில் 30 டொலர் எடுக்கும்போது வங்கி தன் விற்கும் விலையில் மாற்றும். அதன்மேல் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று ஒரு கட்டணமும் சேர்க்கும். ரிஃபண்ட் கார்டுக்குத் திரும்பும்போது அந்த 30 டொலரும் அன்றைய வேறொரு விலையில் ரூபாயாகிறது. முதலில் எடுத்த கட்டணம் திரும்பாது. ஒவ்வொரு வங்கியிலும் இது வேறுபடும். என் கார்டில் ஒரு தடவை போனதற்கும் வந்ததற்கும் இருந்த இடைவெளி, ஒரு சின்ன கேமை சேலில் வாங்கும் அளவு இருந்தது. வங்கியில் கேட்டேன், அப்படித்தான் என்றார்கள்.

ரிஃபண்ட் கேட்கும்போது ஸ்டீம் வொலட்டுக்கு வேண்டும் என்று போட்டால் 30 டொலரும் குறையாமல் வரும். ஆனால் அது வொலட்டிலேயே இருக்கும். திரும்பி ரூபாயாக எடுக்க முடியாது. மாதம் இரண்டு கேம் வாங்குகிறவருக்கு அது நஷ்டமே இல்லை. வருடத்துக்கு ஒன்று வாங்கும் கவினுக்கு 9,000 ரூபாய் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

அந்த 2 மணித்தியாலமும் பேப்பரில் இருக்கும் அளவுக்கு இல்லை. கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்கிறது. மெனுவில் நின்றாலும், அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாலும், முதல் தடவை ஷேடர் தயாராகும்வரை காத்திருந்தாலும், தேநீர் குடிக்க எழுந்து போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய லெப்டொப்பில் ஷேடர் வேலையே நிறைய நேரம் பிடிக்கும். பிறகு பயிற்சி ஆட்டம். கவின் சொல்லும் மாதிரி கேமில் உண்மையான ஆட்டம் பார்ப்பதற்குள் முக்கால்வாசி நேரம் போயிருக்கும்.

அடிக்கடி போட்டால் இனித் தர மாட்டோம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ரிஃபண்ட் இலவசமாக கேம் எடுக்கும் வழியில்லை என்று அவர்களே விதியில் எழுதியிருக்கிறார்கள்.

நிரோ தம்பிக்கு: டெமோ பொய் சொல்லவில்லை, அது சொல்லக்கூடியதே கொஞ்சம்தான். கேம் பிடிக்கிறதா, எழுத்துகள் உன் திரையில் வாசிக்கும் அளவில் இருக்கிறதா, ஆரம்பக் கட்டம் ஓடுகிறதா என்பதற்கு டெமோ போதும். நகரம், தொழிற்சாலை என்று வளர்ந்துகொண்டே போகும் கேம்களில் கம்பியூட்டருக்குப் பாரம் கடைசியில்தான் வரும். அதற்கு டெமோவோடு சேர்த்து உன்னுடைய அதே புரொசெசர் வைத்திருப்பவர்கள் நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஆடிவிட்டு எழுதிய விமர்சனங்களைத் தேடி வாசிக்க வேண்டும். ஒருவர் எத்தனை மணித்தியாலம் ஆடினார் என்பது ஸ்டீம் விமர்சனத்தில் மேலேயே இருக்கும்.

பதுளை_பாலா | புதன், காலை 7.45

சுதா அக்கா, கார்ட் கட்டணம் பற்றி நான் யோசிக்கவில்லை, என் ரிஃபண்ட் எல்லாம் வொலட்டுக்குத்தான் போகும். ஆனால் டெமோவும் இல்லை, ஃப்ரீ வீக்கெண்டும் வராது என்றால் வேறு என்ன செய்வது? அப்படியான கேம்கள்தான் அதிகம். அதற்கு ரிஃபண்டைப் பயன்படுத்துவதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் இன்னும் சொல்வேன். விதி இருக்கிறது, விதிக்குள் நிற்கிறேன்.

நானுஓயா_சுதா | புதன், காலை 8.02

நீ சொல்கிற இடத்துக்கு அது சரி. கவினுக்கு ஃப்ரீ வீக்கெண்ட் இருக்கிறது. இருக்கும்போது அதை முதலில் பயன்படுத்தச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கண்டி_ரமேஷ் | புதன், பகல் 12.30

கவின், நான் கண்டியில் போர்டிங்கில் இருக்கிறேன், வீடு ஹட்டன். இங்கே ஃபைபர். 50 மெகாபிட் என்றால் 58 ஜிபி மூன்று மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். வியாழன் இரவே என் கணக்கில் இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, சனி காலை ஹட்டன் வரும்போது கொண்டு வரவா? பஸ் ஸ்டாண்டில் சந்திக்கலாம். கேமை நானும் பார்க்க நினைத்தேன், அதனால் எனக்கு வீண் வேலை இல்லை.

கொட்டகலை_கவின் | புதன், பகல் 12.41

ரமேஷ் அண்ணே, பெரிய உதவி. ஆனால் உங்கள் கணக்கில் இறக்கியது என் கணக்கில் ஓடுமா? இது களவு வேலை ஆகிவிடாதா?

நானுஓயா_சுதா | புதன், பகல் 1.15

களவு இல்லை. ஆடும் உரிமை கணக்கில் இருக்கிறது, டிஸ்கில் இருப்பது வெறும் ஃபைல். ஃப்ரீ வீக்கெண்ட் உன் கணக்குக்கும் திறந்திருக்கிறது. ஃபைலை எடுத்து வைத்துத் திரும்பப் போடும் வசதியை ஸ்டீமே தருகிறது. கொப்பி பண்ணும்போது மட்டும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

ரமேஷ், டவுன்லோட் முழுசாக முடிந்து, கேமும் ஸ்டீமும் மூடிய பிறகு கொப்பி எடுங்கள். ஸ்டீம் இருக்கும் இடத்தில் `steamapps\common` என்ற ஃபோல்டருக்குள் அந்த கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுங்கள், பெயரில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். உங்கள் வெளி டிஸ்க் `FAT32` ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பெரிய கேம்களில் அப்படி ஃபைல்கள் பெரும்பாலும் இருக்கும். `exFAT` அல்லது `NTFS` ஆக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் டிஸ்கில் உள்ளதெல்லாம் அழியும், வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கவின், நீ உன் லெப்டொப்பில் அதே `steamapps\common` ஃபோல்டருக்குள் அதைப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டீமில் `Install` அழுத்த வேண்டும். புதிதாக இறக்குவதற்குப் பதிலாக, இருக்கும் ஃபைல்களை ஸ்டீம் சரிபார்க்கத் தொடங்கும். டிஸ்க் வேலை நிறைய நடக்கும், நெட்வேர்க் வேகம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படித் தெரிந்தால் சரி. மாறாக நெட்வேர்க் வேகம் மேலே போய், பூச்சியத்திலிருந்து ஜிபி கணக்கு ஏறினால் உடனே நிறுத்து. ஃபோல்டர் பிழையான இடத்தில் இருக்கிறது, இல்லை என்றால் பெயர் மாறியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் தங்கச்சியின் பகல் டேட்டா போய்விடும். இடையில் ஒரு அப்டேட் வந்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் இறங்கும், அதற்குக் கொஞ்சம் இரவு டேட்டா வைத்திரு.

ஒன்லைன் கேம் ஆடுவதற்கு டேட்டா அதிகம் போகாது. இந்த வகை கேம்களில் மணித்தியாலத்துக்கு 100 எம்பி பக்கம் என்று வைத்துக்கொள், வொய்ஸ் சட் போட்டால் இன்னும் கொஞ்சம்.

கண்டி_ரமேஷ் | புதன், பகல் 1.40

டிஸ்க் `FAT32` தான். நல்ல வேளை கேட்டேன். படங்களை வேறு இடத்தில் போட்டுவிட்டு மாற்றுகிறேன்.

கொட்டகலை_கவின் | புதன், பகல் 2.10

சுதா அக்கா, அப்படியென்றால் சனி பின்னேரத்திலிருந்து ஆடலாம். அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? சும்மா ஆடினால் நன்றாகத்தான் இருக்கும், சிநேகிதர்களும் இருப்பார்கள். பிறகு வாங்கிவிட்டு வருந்தக் கூடாது.

நானுஓயா_சுதா | புதன், இரவு 8.55

நல்ல கேள்வி. எனக்கு முக்கியமாகத் தெரிவது மூன்று.

முதலாவது உன் லெப்டொப். முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவெடுக்காதே. லெப்டொப் சூடாக நேரம் எடுக்கும். சூடானதும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொட்டகலைக் குளிரிலும் இது நடக்கும். ஸ்டீம் அமைப்புகளில் எஃப்பிஎஸ் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு நிறுத்தாமல் முக்கால் மணித்தியாலம் ஆடு. ஆரம்பத்தில் 60 இருந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு 40 ஆகி அங்கேயே நின்றால், நீ வாங்கப் போவது 40 இல் ஓடும் கேமை. பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதும் நேரத்தில் எவ்வளவு என்றும் பார். ஆட்டம் வெல்வதும் தோற்பதும் அந்த நேரத்தில்தான்.

இரண்டாவது லைன். நமக்குப் பக்கத்துச் சர்வர் அநேகமாக சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கும். எந்தச் சர்வர் என்று கேமில் தேர்ந்தெடுக்க விடுகிறார்களா பார். பிங் எண் சராசரியில் எவ்வளவு என்பதைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதைக் கவனி. 80 இலேயே நிற்கும் லைனில் ஆடப் பழகிவிடலாம். 60 இல் இருந்து திடீரென 300 க்குப் பாய்ந்து திரும்பும் லைனில் எவ்வளவு கெட்டிக்காரனாலும் ஆட முடியாது. 4ஜியில் இது இரவு 7 முதல் 10 வரை மோசமாகும், அந்தக் கோபுரத்தில் எல்லோரும் சேர்ந்து வீடியோ பார்க்கும் நேரம் அது. நீ வழக்கமாக ஆடக்கூடிய நேரம் எதுவோ அந்த நேரத்திலேயே ஆடிப் பார். பகலில் நன்றாக இருந்தது என்பதில் பயன் இல்லை. முடிந்தால் ரவுட்டரிலிருந்து கேபிள் போடு. அப்போதும் பிங் பாய்ந்தால் கோளாறு வைஃபையில் இல்லை, 4ஜி லைனில் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கூட்டம். ஃப்ரீ வீக்கெண்டில் எல்லோரும் உள்ளே வருவார்கள். ஆட்டம் தேடினால் சில நொடியில் கிடைக்கும், எதிரே நிற்பவர்களும் உன்னைப் போலவே புதியவர்கள். பிரமாதமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே கேமில் ஆட்டத்துக்காகப் பல நிமிடம் காத்திருப்பாய், வருபவர்கள் ஆயிரம் மணித்தியாலம் ஆடிய பழைய ஆட்களாக இருப்பார்கள். ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமை எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார். போன தடவை ஃப்ரீ வீக்கெண்ட் நடந்த இடம் கூராக மேலே எழும்பி நிற்கும். அந்த மேட்டுக்கு முன்னாலும், இரண்டு வாரத்துக்குப் பின்னாலும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உனக்குக் கிடைக்கப் போகும் கூட்டம். அதுவும் உலகம் முழுவதற்குமான எண்ணிக்கை, சிங்கப்பூர்ச் சர்வரில் அதில் ஒரு சிறு பங்குதான்.

இதனால் திங்கட்கிழமை முக்கியம். நான்கு நாளில் அது ஒன்றுதான் வேலை நாள் மாதிரியான நாள், வெள்ளியையும் பாதி வீக்கெண்டாகத்தான் ஆடுவார்கள். திங்கள் இரவு ஏழரை எட்டுக்கு ஆட்டம் தேடிப் பார். நமக்கு 8 என்றால் சிங்கப்பூரில் 10.30, அங்கே இன்னும் ஆட்கள் இருக்கும் நேரம். நமக்கு 11 என்றால் அங்கே அதிகாலை 1.30. நீ இரவில் பிந்தி ஆடுபவன் என்றால் ஞாயிறு இரவு 11 மணிக்கு ஒரு தடவை தேடிப் பார்த்து, எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று குறித்து வை.

ஹப்புத்தளை_நிரோ | புதன், இரவு 9.30

அக்கா, அப்படியே தனியாக ஆடும் கேம்களுக்கும் ஒரு வார்த்தை. டெமோவில் ஆடியது முழு கேமுக்கு வருமா? மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்றால் எனக்கு அலுப்பு.

நானுஓயா_சுதா | புதன், இரவு 9.52

செய்தவர்களைப் பொறுத்தது தம்பி. டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெமோ பத்து மணித்தியாலம்வரை ஆட விடுகிறது, சேவ் முழு கேமுக்கு வரும். ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் டெமோவுக்கு 60 நிமிடக் கடிகாரம் வைத்திருந்தார்கள். டெமோவின் பக்கத்தில் இதை எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் வராது என்றே வைத்துக்கொள்.

உனக்குத் தொழிற்சாலை கட்டும் கேம் பிடிக்கும் என்றால் ஃபக்டோரியோ டெமோவை எடு, இறக்குவதும் கொஞ்சம்தான். அந்த கேமுக்கு ஒருபோதும் விலைக் குறைப்புப் போட மாட்டோம் என்று செய்தவர்கள் முதலிலிருந்தே சொல்லி, அப்படியே நடக்கிறார்கள். 2023 இல் 30 டொலரிலிருந்து 35 ஆகக் கூடக் கூட்டினார்கள். அதனால் சேல் வரட்டும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. டெமோ பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு.

மஸ்கெலியா_விஜி | வியாழன், காலை 9.10

எனக்கு இப்போதுதான் வித்தியாசம் விளங்கியது. மகன் போன முறை ஸ்டீமில் ஒரு கேம் லைப்ரரியிலிருந்து காணாமல் போனது என்று என்னோடு சண்டை போட்டான். நான் எதையோ அழித்துவிட்டேனாம். அது ஃப்ரீ வீக்கெண்டாகத்தான் இருந்திருக்கும். அவன் ஆடிய சேவ் போய்விட்டதா?

நானுஓயா_சுதா | வியாழன், காலை 9.35

பெரும்பாலும் போயிருக்காது அக்கா. தனியாக ஆடும் கேம் என்றால் சேவ் ஃபைல் கம்பியூட்டரிலோ ஸ்டீம் கிளவுடிலோ இருக்கும். ஒன்லைன் கேம் என்றால் அவர்களுடைய சர்வரில். அதே கணக்கில் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் வழக்கம். கம்பியூட்டரை ஃபோர்மட் பண்ணாமல் இருந்தால் சரி.

கொட்டகலை_கவின் | செவ்வாய், காலை 10.20

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக ரமேஷ் அண்ணனுக்கு. சனி காலை டிஸ்க் கைக்கு வந்தது. கொப்பி போட்டு `Install` அழுத்தியதும் அக்கா சொன்ன மாதிரியே சரிபார்த்தது. நெட்வேர்க்கில் இறங்கியது 1 ஜிபிக்கும் குறைவு, இடையில் வந்த ஒரு அப்டேட்.

லெப்டொப்: குறைந்த கிராஃபிக்ஸில் ஆரம்பத்தில் 70, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு 50 பக்கம். பெரிய மோதலில் 38 வரை இறங்கியது. எனக்கு ஆடக்கூடிய அளவுதான்.

லைன்: பகலில் சிங்கப்பூருக்கு 75, அசையாமல் நின்றது. இரவு எட்டு மணிக்கு 80 க்கும் 250 க்கும் இடையில் பாய்ந்துகொண்டிருந்தது. கேபிள் போட்டும் அதேதான். இரவு 11 க்குப் பிறகு மறுபடி நன்றாகிவிட்டது.

கூட்டம்: ஞாயிறு பகலில் உடனுக்குடன் ஆட்டம். ஞாயிறு இரவு 11 க்குத் தேடியபோது நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது, வீக்கெண்டிலேயே. திங்கள் எட்டு மணிக்கு ஒரு நிமிடம் போல. ஸ்டீம்டிபியில் போன தடவை மேட்டைப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது.

அதாவது என் லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் சிங்கப்பூரில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் நேரத்தில் என் லைன் நன்றாக இல்லை. கேம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதுதான் கஷ்டம். இப்போது 40 சதவீதம் கழிவில் 18 டொலர், வியாழன் வரைக்கும் இருக்கிறது.

பதுளை_பாலா | செவ்வாய், காலை 10.48

18 டொலர் என்றால் 5,400 ரூபாய். பிடித்திருக்கிறது என்கிறாய், லெப்டொப் ஓடுகிறது. சனி ஞாயிறு பகலில் ஆடு. வாங்கு மச்சான்.

கண்டி_ரமேஷ் | செவ்வாய், பகல் 12.15

நான் வாங்கிவிட்டேன். ஆனால் எனக்கு ஃபைபர், உன் நிலைமை வேறு. மும்பைச் சர்வர் இருக்கிறதா என்று பார்த்தாயா? எனக்கு அமைப்புகளில் அது தெரிகிறது. அங்கே நேரம் நம்முடைய நேரமேதான், இரவு 11 க்கும் ஆட்கள் இருக்கலாம்.

கொட்டகலை_கவின் | செவ்வாய், பகல் 12.30

மும்பையைப் பார்க்கவே இல்லை அண்ணே. தானாகவே சிங்கப்பூருக்குப் போட்டுவிட்டது. இப்போது பூட்டிவிட்டார்கள்.

நானுஓயா_சுதா | செவ்வாய், பின்னேரம் 5.05

ரமேஷ் சொன்னது நல்ல இடம். ரமேஷ், நீங்கள் வாங்கிவிட்டீர்கள் அல்லவா, இன்றைக்கும் நாளைக்கும் இரவு 11 க்கு மும்பையில் ஆட்டம் தேடி எவ்வளவு நேரம் ஆகிறது என்று இங்கே போடுங்கள். அதுவும் வார நாள், கவினுக்கு வேண்டிய கணக்கு அதுதான்.

கவின், வியாழன் முடிவதற்குள் வாங்கியே ஆக வேண்டும் என்று நினைக்காதே. ஸ்டீம்டிபியில் விலை வரலாறும் இருக்கிறது. முன்னர் எத்தனை தடவை 18 க்கு வந்திருக்கிறது என்று பார். அடிக்கடி வந்திருந்தால் மறுபடி வரும். கேம் ஃபைல்களை மட்டும் அழிக்காதே. பூட்டினாலும் டிஸ்கில் அப்படியே இருக்கும், பிறகு வாங்கினால் அதுவரை வந்த அப்டேட் மட்டும் இறங்கும்.

கொட்டகலை_கவின் | செவ்வாய், மாலை 6.40

பார்த்தேன் அக்கா. போன வருடத்தில் நான்கு தடவை 18 க்கு வந்திருக்கிறது, ஒரு தடவை 15 க்கும். ரமேஷ் அண்ணன் மும்பை கணக்கைப் போடும்வரை பொறுக்கிறேன்.

பதுளை_பாலா | செவ்வாய், மாலை 7.02

சரி. 15 க்கு வந்தால் எனக்கும் சொல்லு, நானும் எடுக்கிறேன். பதுளையில் இரவு லைன் எப்படி என்று அப்போது பார்ப்போம்.

கண்டி_ரமேஷ் | புதன், அதிகாலை 12.20

மும்பை, இரவு 11.05: ஒன்றரை நிமிடம். 11.40: இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பிங் எனக்கு 60 பக்கம், ஆனால் இது ஃபைபரில். கவின், உன் ரவுட்டரிலிருந்து மும்பைக்கு எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. மும்பைச் சர்வர் உள்ள வேறு ஏதாவது இலவச கேமை இரவு டேட்டாவில் இறக்கி 11 மணிக்குப் பிங் பார்க்க முடியுமா?